கராஜில் ஆளுக்கு எவ்வளவு பயிற்சிச் செலவு ஒதுக்குவது: இழப்பிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் 8 பேர், 10 பேர் வேலை செய்யும் கராஜ்களில் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குவது பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் நடக்கிறது. ஒன்று, வருட ஆரம்பத்தில் ஒரு தொகையை எடுத்து ஆட்களின் எண்ணிக்கையால் பிரிப்பது. இல்லையென்றால், யாராவது ஒரு பயிற்சி வகுப்பின் அறிவித்தலைக் காட்டியதும் ஒருவரை அனுப்பிவிட்டு, அதற்கான காரணத்தைப் பிறகு தேடுவது. இரண்டிலும் பணம் போகிறது, திரும்பி வந்ததா என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

இங்கே சொல்லும் வழி எதிர்த் திசையில் போகிறது. முதலில் இழப்பு, அடுத்து அந்த இழப்புக்குக் காரணமான ஆள், அதற்கடுத்து எதிர்பார்க்கும் இலாபம், கடைசியில்தான் வகுப்பு. கோண்டாவில் பக்கம் இருக்கக்கூடிய 9 பேர் கொண்ட ஒரு கராஜை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். 2 மூத்த மெக்கானிக், 3 இளையவர், ஒரு வயரிங்காரர், முன்மேசையில் ஒருவர், ஸ்டோர்காரர், வாகனம் கழுவுபவர். இதில் வரும் ரூபாய்க் கணக்குகள் எல்லாம் மாதிரிக் கணக்குகள். உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கடைசி மூன்று மாத வேலை அட்டைகள் வேண்டும். வாகன இலக்கம், முறைப்பாடு, யார் செய்தார், எத்தனை மணி நேரம், கூலி எவ்வளவு, பாகம் எவ்வளவு என்பன அவற்றில் இருக்க வேண்டும். அட்டையே எழுதாத கராஜ் என்றால் இன்றிலிருந்து மூன்று மாதம் எழுதிவிட்டுத்தான் அடுத்த படிக்கு வர வேண்டும். நினைவை நம்பினால் கடைசியாகச் சண்டை பிடித்த வாடிக்கையாளரின் வேலைதான் பெரிய இழப்பாகத் தெரியும்.

அட்டையில் வராத இரண்டு விஷயங்களுக்கு ஒரு கொப்பி வையுங்கள். முதலாவது, நம்மால் முடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிய வேலைகள். இரண்டாவது, 30 நாளுக்குள் அதே குறையோடு திரும்பி வந்த வாகனங்கள். திருப்பி அனுப்பியதற்குப் பில் கிடையாது, அதனால் கணக்காளர் கண்ணில் அது படவே படாது. மூத்த மெக்கானிக்கிடம் வாரம் ஒருமுறை, "அண்ணை, இந்தக் கிழமை எந்த வேலையை வெளியில அனுப்பினீங்கள்?" என்று கேட்டு அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

## 2. இழப்பை மாதக் கணக்கில் ரூபாயாக எழுதுங்கள்

மாதிரிக் கராஜில் மூன்று மாதச் சராசரி இப்படி வருகிறது. எஞ்சின் விளக்கு எரிவது, சென்சர் குறை, ஹைபிரிட் வாகனங்களின் மின்குறை என மாதம் 12 வேலை வெளியே போகிறது. பிறேக் வேலைக்குப் பிறகு மாதம் 9 வாகனம் திரும்பி வருகிறது. மதிப்பீட்டை முன்கூட்டிச் சொல்லாததால் பில் கொடுக்கும் நேரத்தில் வாக்குவாதம் வந்து, மாதம் ஏறத்தாழ 14,000 ரூபாய் கழிவாகப் போகிறது.

வெளியே போன வேலையைப் பில் தொகையில் கணக்கிடக் கூடாது. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். வாடிக்கையாளர் கொடுக்கும் 25,000 ரூபாயில் பெரும்பகுதி பாகம் விற்ற கடைக்குப் போய்விடும். கூலியிலிருந்து அந்த வேலைக்கென்றே செலவாகும் சிறு பொருட்களைக் கழித்து, மிஞ்சுவதை மட்டும் எடுங்கள். இங்கே கூலி 6,500, சிறு செலவு 500, ஆக ஒரு வேலைக்கு 6,000 ரூபாய்.

திரும்பி வரும் பிறேக் வேலைக்கு நாம் பில் போட முடியாது. இளையவர் ஒருவரின் ஒரு மணி நேரம் 600 ரூபாய் கூலி ஈட்டுகிறது என்றால், இரண்டரை மணி நேரத்துக்கு 1,500. நம் கையிலிருந்து போடும் பாகமும் பிறேக் ஓயிலும் 2,000. ஆக ஒரு வாகனத்துக்கு 3,500 ரூபாய் இழப்பு.

## 3. பயிற்சியால் தீராதவற்றைக் கழித்துவிடுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு இழப்புக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: நம்மிடம் உள்ள மிகத் திறமையான ஆள், இதே கருவியோடும் இதே பாகத்தோடும் இதே நேரத்துக்குள்ளும் செய்தால் குறை வருமா? வரும் என்றால் அது திறன் குறை இல்லை, எந்த வகுப்பும் அதைத் தீர்க்காது.

திரும்பி வந்த 9 பிறேக் வேலைகளையும் பிரித்துப் பார்த்தால் 4 வாகனத்தில் மட்டமான பிறேக் பாட் காரணம். ஒன்றில் வாடிக்கையாளர் சொன்ன சத்தம் பிறேக்கிலிருந்தே வரவில்லை, அது சில்லுப் பெயரிங். மிச்சம் 4 மட்டுமே கைவேலைக் குறை. குழாயில் காற்று சரியாக எடுக்கப்படவில்லை, அல்லது கலிப்பரின் வழுக்கு ஊசிகளைத் துப்புரவாக்கிக் கிறீஸ் போடாமல் பூட்டியிருக்கிறார்கள். மட்டமான பாட்டுக்கு மருந்து, ஸ்டோர்காரர் வாங்கும் இடத்தை மாற்றுவது. 9 ஐயும் பயிற்சிக் கணக்கில் போட்டால் எதிர்பார்க்கும் இலாபம் இரண்டு மடங்குக்கு மேல் ஊதிப்போயிருக்கும்.

முன்மேசையில் போகும் 14,000 ரூபாயும் அப்படித்தான். அந்தப் பிள்ளைக்கு வாடிக்கையாளரோடு பேசத் தெரியும். மேலதிக வேலைக்கு முன் தொலைபேசியில் சம்மதம் கேட்டு அட்டையில் எழுத வேண்டும் என்ற விதியை முதலாளி போடவேயில்லை. விதி போட ஒரு ரூபாயும் செலவில்லை. வாடிக்கையாளர் சேவை வகுப்புக்கு அனுப்பியிருந்தால் பணமும் போய், வாக்குவாதமும் தொடர்ந்திருக்கும்.

பாதுகாப்புப் பயிற்சியை இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். பிரியஸ் போன்ற வாகனத்தின் ஹைபிரிட் பற்றரி 200 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கிறது. அதில் கைவைப்பவருக்கு மின்தொடர்பைத் துண்டிக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும், 1,000 வோல்ட் வரை தாங்கும் காப்புக் கையுறை இருக்க வேண்டும். இது இலாபம் தருமா என்று கேட்டு முடிவெடுக்கும் விஷயம் இல்லை. அந்தச் செலவு தனி வரி, முதல் வரி.

## 4. ஆள்வாரியாகத் திறன் அட்டவணை போடுங்கள்

குறுக்கே ஆட்களின் பெயர், நெடுக்கே வேலைகள். ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 3 வரை ஓர் எண். 0 என்றால் தெரியாது, 1 என்றால் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்வார், 2 என்றால் தனியே செய்வார், 3 என்றால் மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பார்.

எண்ணை ஆளிடம் கேட்டு எழுதக் கூடாது. தனக்குத் தெரியாது என்று முதலாளி முன்னால் சொல்லத் தயங்குவார்கள், சிலர் நன்றாகத் தெரிந்ததையும் குறைத்துச் சொல்வார்கள். ஒரு வாகனத்தைக் கொடுத்து மூத்தவரைப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். சான்றிதழைப் பார்த்தும் எண் போடாதீர்கள். முன் அனுபவத்தை அங்கீகரித்து என்.வி.கியூ. சான்றிதழ் பெறும் வழி நம் நாட்டில் உண்டு. அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு அது நல்ல மரியாதை. ஆனால் ஏற்கெனவே உள்ள திறனைத்தான் அது உறுதிப்படுத்துகிறது, இல்லாத திறனைக் கொடுப்பதில்லை. அதற்கு ஆகும் செலவை இடைவெளி நிரப்பும் செலவில் சேர்க்க வேண்டாம்.

அடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை பேர் 2 ஆம் நிலையில் தேவை என்று எழுதுங்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. மாதம் 12 வேலை வருகிற மின்குறை கண்டுபிடிப்புக்கு ஒருவர் போதும். தினமும் வருகிற பிறேக் வேலைக்கு 5 மெக்கானிக்குகளும் 2 இல் இருக்க வேண்டும், இப்போது 2 மூத்தவர்கள்தான் இருக்கிறார்கள். ஆக நமக்கு உள்ள இடைவெளி நான்கே கட்டங்கள்: வயரிங்காரருக்கு ஒன்று, இளையவர் மூவருக்குமாக மூன்று.

வயரிங்காரர் மின்குறையில் இப்போது 1 இல் நிற்கிறார். ஸ்கானரை மாட்டிக் குறை இலக்கத்தை வாசிப்பார். அந்த இலக்கம் சொல்லும் சென்சரைக் கழற்றி மாற்றுவார், பலமுறை குறை வயரில் இருக்கும். ஓடும் எஞ்சினின் நேரடி அளவுகளைப் பார்த்து, மீற்றர் வைத்து உறுதிசெய்யும் பகுதிதான் அவருக்கு இல்லை. இடைவெளியை இவ்வளவு துல்லியமாக எழுதினால்தான், பிறகு வகுப்பு தேடும்போது பாடத்திட்டத்தில் எதைத் தேடுவது என்று தெரியும்.

## 5. எதிர்பார்க்கும் இலாபத்தைக் கையை இறுக்கிக் கணக்கிடுங்கள்

வெளியே போகும் 12 வேலையும் பயிற்சி முடிந்ததும் நமக்கு வந்துவிடாது. சிலவற்றுக்கு நம்மிடம் இல்லாத கருவி வேண்டும், சில வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே வேறு கராஜைப் பழகிவிட்டார்கள். பாதி, அதாவது 6 என்று எடுப்போம். 6 × 6,000 = மாதம் 36,000 ரூபாய்.

இங்கே நின்று ஒன்றைப் பாருங்கள்: அந்த 6 வேலையைச் செய்ய இடமும் ஆள் நேரமும் உண்டா? கராஜ் காலை முதல் மாலை வரை நிரம்பியிருந்தால் புதிய வேலை பழைய ஒரு வேலையைத் தள்ளிவிடும். அப்போது இலாபம் 6,000 இல்லை, தள்ளப்பட்ட வேலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. மாதிரிக் கராஜில் வயரிங்காரருக்கு வாரத்தில் ஓய்வு நேரம் இருக்கிறது, அதனால் முழுத் தொகையும் நிற்கும்.

பயிற்சி முடிந்த முதல் இரண்டு மாதத்துக்கு இலாபம் பூச்சியம் என்று வையுங்கள். கை பழக வேண்டும், இங்கேயும் இந்த வேலை செய்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். மிச்சம் 10 மாதம், 360,000 ரூபாய். ஒரு வருடத்துக்கு அப்பால் கணக்குப் போடாதீர்கள்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய கேள்வி: இந்த ஆள் நிற்பாரா? வளைகுடாவுக்கும் கனடாவுக்கும் போகும் தொழில் தெரிந்த பொடியன்களை எல்லா கராஜ்களும் பார்த்திருக்கின்றன. அதே வேலையில் இருந்தவர்களில் கடந்த சில வருடங்களில் எத்தனை பேர் ஒரு வருடத்துக்குள் போனார்கள் என்று எண்ணுங்கள். நிற்பதற்கும், கற்றதைப் பயன்படுத்துவதற்கும் சேர்த்து 10 க்கு 7 வாய்ப்பு என்று வைத்தால் 360,000 × 0.7 = 252,000 ரூபாய்.

பிறேக் கணக்குச் சுருக்கமானது. 4 கைவேலைக் குறையில் 3 இல்லாமல் போகும் என்று எடுத்தால் மாதம் 10,500. ஒரு மாதம் பழகப் போக 11 மாதம், 115,500. மூவரில் ஒருவர் போனாலும் மற்ற இருவரிடம் திறன் நிற்பதால் 0.8 போடலாம். 92,400 ரூபாய்.

## 6. செலவு என்பது வகுப்புக் கட்டணம் மட்டும் இல்லை

வயரிங்காரருக்குக் கொழும்பில் 10 நாள் வகுப்பு, கட்டணம் 60,000 என்று வைப்போம். பஸ், தங்குமிடம், சாப்பாடு 35,000. ஸ்கானர் மென்பொருளைப் புதுப்பிக்க 22,000. அது இல்லாமல் அவர் படித்துவந்ததைச் செய்து பார்க்க முடியாது, அதனால் இந்தக் கணக்கிலேயே வர வேண்டும்.

அடுத்தது அவர் இல்லாத நாட்கள். அவர் நாளொன்றுக்கு 7,200 ரூபாய் கூலி ஈட்டுகிறார், 10 நாளுக்கு 72,000. இதில் பாதி வேலை காத்திருக்கும் அல்லது மற்றவர் செய்வார், பாதி போய்விடும். இழப்பு 36,000.

அந்த 10 நாளின் சம்பளத்தையும் இதோடு சேர்த்து எழுதுபவர்கள் உண்டு. சேர்க்கக் கூடாது. சம்பளமும், அதன் மேல் நாம் கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதமும், நம்பிக்கை நிதி 3 சதவீதமும் அவர் கராஜில் நின்றாலும் போயிருக்கும். அந்தச் சம்பளத்தை ஈட்டித் தரும் கூலியைத்தான் இழப்பாக ஏற்கெனவே எழுதிவிட்டோம். இரண்டையும் எழுதினால் ஒரே பணம் இரண்டு முறை கழியும், நல்ல பயிற்சிகூட நட்டமாகத் தெரியும். கூலி ஈட்டாத ஆட்களுக்கு, அதாவது முன்மேசை, ஸ்டோர் போன்றவர்களுக்கு, அவர் இடத்தில் நிற்பவருக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தை மட்டும் எழுதினால் போதும்.

கடைசியாக, திரும்பி வந்தபின் பழகும் நேரம். பெரும்பாலான கராஜ்கள் மறப்பது இதைத்தான். ஆறு வாரத்தில் 20 மணி நேரம் பில் இல்லாமல் பழைய வாகனங்களில் செய்து பார்க்க, மணிக்கு 900 வீதம் 18,000. எல்லாம் சேர்த்து 171,000 ரூபாய்.

பிறேக்குக்கு வெளியே அனுப்பவே தேவையில்லை. மூத்த மெக்கானிக் ஒருவர் 3 நிலையில் இருக்கிறார். வாரம் 2 மணி நேரமாக 4 வாரம் சொல்லிக் கொடுத்தால் 8 மணி நேரம். அவர் நேரம் மணிக்கு 1,200 வீதம் 9,600. மூவரின் நேரம் 3 × 8 × 600 = 14,400. சொல்லிக் கொடுப்பவருக்குத் தனியாக 6,000. ஆக 30,000 ரூபாய். அந்த 6,000 ஐ வெட்ட வேண்டாம். தன் தொழில் இரகசியத்தைத் தம்பிமாருக்குக் கொடுக்கிறார், அதைக் கடமையாக மட்டும் கேட்டால் பாதிதான் வெளியே வரும்.

## 7. ஆளுக்கான உச்ச வரம்பை வைத்து முடிவெடுங்கள்

எதிர்பார்க்கும் இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செலவழிப்பதில்லை என்பது என் விதி. இலாபம் நாம் ஊகித்தது, செலவு கட்டாயம் நடப்பது. இரண்டையும் சமமாக நிறுத்தினால் ஊகம் சற்றுப் பிழைத்தாலே நட்டம். கணினித் தாளில் மாத இலாபம் C நிரலிலும், மாதங்கள் D யிலும், வாய்ப்பு E யிலும் இருந்தால் வரம்பு இது:

```
=C2*D2*E2*2/3
```

வயரிங்காரருக்கு வரம்பு 168,000, செலவு 171,000. தாண்டுகிறது. இந்த இடத்தில் வாய்ப்பு 0.7 ஐ 0.75 ஆக்கத் தோன்றும். தொடாதீர்கள். செலவுப் பக்கத்தில் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து வாடகை வான்கள் ஓடும் காலத்தில் அவரை அனுப்பினால் இழப்பு கூடும். வேலை குறைந்த மாதத்துக்குத் தள்ளினால் பாதிக்குப் பதில் கால்வாசி வேலைதான் போகும். 36,000 என்பது 18,000 ஆகி மொத்தம் 153,000 க்கு இறங்குகிறது. வரம்புக்குள் வந்துவிட்டது.

கிட்டத்தில் படிக்க முடியுமா என்பதையும் பாருங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. மாதக்கணக்கான முழுநேரக் கற்கை வேலையில் உள்ளவருக்குப் பொருந்தாது. குறுகிய கால வகுப்பு உண்டா என்று நேரில் கேளுங்கள், கேட்கும்போது 4 ஆம் படியில் எழுதிய இடைவெளியைக் காட்டுங்கள்.

பிறேக்குக்கு வரம்பு 61,600, செலவு 30,000. உடனே தொடங்கலாம்.

## 8. ஒதுக்கீட்டை ஆள்வாரியாக எழுதுங்கள்

வயரிங்காரர் 153,000. இளையவர்கள் தலா 10,000. மற்ற ஐவருக்கும் இந்த வருடம் பூச்சியம். மொத்தம் 183,000 ரூபாய். இதை 9 ஆல் பிரித்தால் ஆளுக்கு ஏறத்தாழ 20,300 வரும். அப்படிப் பிரித்துக் கொடுத்திருந்தால் வயரிங்காரரின் கட்டணத்துக்கே காணாது, ஸ்டோர்காரருக்குத் தேவையில்லாத ஒரு கணினி வகுப்பு கிடைத்திருக்கும்.

183,000 இல் கைக்காசாகப் போவது 123,000. மிச்சம் 60,000 ஆட்களின் நேரம். இரண்டையும் தனித்தனி நிரலில் எழுதி, கைக்காசு எந்த மாதம் போகும் என்பதையும் குறியுங்கள். வங்கிக் கடன் கட்டும் மாதத்தோடு மோதினால் பயிற்சிதான் முதலில் வெட்டுப்படும்.

பூச்சியம் கிடைத்தவர்களிடம் அட்டவணையைக் காட்டிப் பேசுங்கள். "எனக்கு ஏன் இல்லை?" என்று ஒருவர் கேட்பது நியாயம். நாம் அறியாத ஓர் இழப்பை அவர் கொப்பியில் எழுதிக் காட்டினால் அடுத்த முறை அவர் பெயரும் வரலாம் என்று சொல்லுங்கள். வாகனம் கழுவுபவர் மெக்கானிக் ஆக விரும்பினால் பிறேக் வகுப்பில் அவரும் நிற்கட்டும், அதற்குச் செலவு அநேகமாக இல்லை.

பயிற்சிக்குப் போகிறவரிடம் பெரிய தொகைக்கு ஒப்பந்தம் எழுதி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. போக நினைப்பவர் போவார், வழக்குச் செலவு நமக்கு மிஞ்சும். திரும்பி வந்து மூன்று மாதத்தில் சம்பளத்தைச் சற்றுக் கூட்டுவதும், கற்றதை இளையவர் ஒருவருக்கு 1 ஆம் நிலை வரை சொல்லிக் கொடுக்கச் செய்வதும் அதைவிடப் பலன் தரும். கூட்டும் சம்பளம் எவ்வளவு என்று முன்பே தீர்மானித்து மாத இலாபத்திலிருந்து கழித்துவிடுங்கள். மாதம் 2,000 ரூபாய் கூட்டினால் வயரிங்காரரின் வரம்பு ஏறத்தாழ 158,700 ஆகும், அப்போதும் 153,000 தாங்கும்.

## 9. அனுப்பிய பிறகு எதை எண்ணுவது

திரும்பி வந்த வாரமே ஒரு வாகனத்தைக் கொடுத்து 4 ஆம் படியில் பார்த்தது போலவே பார்த்து எண் போடுங்கள். 2 வராவிட்டால் பழகும் நேரத்தைக் கூட்டுங்கள், மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம்.

அதன்பின் மாதாமாதம் இரண்டே எண்கள்: வெளியே அனுப்பிய மின்குறை வேலை எத்தனை, நாமே முடித்தது எத்தனை. மூன்றாம் மாதம் 6 எதிர்பார்த்த இடத்தில் 2 தான் முடிந்திருந்தால் உடனே பயிற்சியைக் குறை சொல்லாதீர்கள். முன்மேசையில் இருப்பவர் பழைய பழக்கத்தில் அந்த வாகனங்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறாரா என்று முதலில் பாருங்கள். வேலையே குறைவாக வருகிறதா, வந்ததைச் செய்ய முடியவில்லையா என்பதைக் கொப்பி காட்டிவிடும்.

பிறேக்கில் திரும்பி வரும் வாகனத்தை முன்போலவே பாகக் குறை, கைவேலைக் குறை என்று பிரித்தே எண்ணுங்கள். ஸ்டோர்காரர் நல்ல பாட் வாங்கத் தொடங்கினால் மொத்த எண்ணிக்கை தானாக இறங்கும், பிரிக்காவிட்டால் அந்தப் பலனைப் பயிற்சியின் பெயரில் எழுதிவிடுவோம்.

வருட முடிவில் ஒவ்வொருவர் வரியிலும் எதிர்பார்த்த இலாபத்துக்குப் பக்கத்தில் உண்மையில் வந்ததை எழுதுங்கள். 252,000 எதிர்பார்த்து 170,000 தான் வந்திருந்தால் அடுத்த வருட வாய்ப்பு எண்ணை அந்த அளவுக்கு இறக்கி, அதே தாளில் புதிய வரிகளைப் போடத் தொடங்கலாம்.